நான்காவது முறையும் அதே கோளாறோடு வருபவரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது?

கேள்வி: “ஃபோன் சர்வீஸ் சென்டர் கவுண்ட்டரில் இருக்கிறேன். ஒரே ஃபோன், ஒரே கோளாறு, நாலாவது தடவையாக ஒருத்தர் வருகிறார். அவர் கதவைத் திறக்கும்போதே என் முகத்தில் அலுப்பு தெரிந்துவிடுகிறது. மேனேஜர் சிரித்த முகமாக வரவேற்கச் சொல்கிறார். சிரித்தால் அவருக்கு இன்னும் கோபம் வருகிறது. என்னதான் செய்வது?”

சிரிக்கச் சொன்ன உங்கள் மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் முறை வருகிறவருக்கு அது நல்ல யோசனை. ஆனால் மூன்று தடவை ஃபோனைக் கொடுத்து, மூன்று தடவையும் “சரியாயிடுச்சு சார்” என்று கேட்டு வாங்கிப்போய், மறுபடி அணைந்துபோன ஃபோனோடு வருகிறவருக்கு மலர்ந்த முகம் வேறொரு சேதியைச் சொல்கிறது. இவர்களுக்கு என்னை ஞாபகமே இல்லை, அல்லது ஞாபகம் இருந்தும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை என்று அவர் எடுத்துக்கொள்கிறார். கோபம் அதற்குத்தான். பல வருடம் கவுண்ட்டரில் நின்றவன், இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அலுப்பை மறைக்க முகத்தில் வேலை செய்வது கடைசி வழி. அதற்கு முன்பே, அவர் உங்கள் முன்னால் வந்து உட்காருவதற்குள், செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்தால் மறைக்க வேண்டிய அலுப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே சிரிப்பைத் தசை தசையாகப் பிரித்து எழுதிவைத்தார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் இது அவ்வளவு கறாரான விதி இல்லை, கண்ணையும் சேர்த்து நடிக்கக்கூடியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. எனவே “பொய்ச் சிரிப்பை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்” என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு விஷயத்தில் சந்தேகம் குறைவு. 1983-ல் அர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து இரண்டு விதமான நடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் மட்டும் வேறொன்றை ஒட்டிக்கொள்வது ஒரு விதம். எதிரில் இருப்பவரின் நிலைமையைப் பற்றி நினைக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டு, அதனால் முகமும் தானாக மாறுவது இன்னொரு விதம். அதற்குப் பிறகு நடந்த பல ஆய்வுகளில் முதல் வகை வேலைக் களைப்போடு சேர்ந்தே வருகிறது. இரண்டாவது வகை அந்த அளவுக்கு ஆளைக் களைப்படையச் செய்வதாகத் தெரியவில்லை. அது நன்மையே செய்கிறதா என்பதில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றே ஒன்று. நாள் முழுக்கச் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நின்றால் சாயங்காலம் வருகிறவருக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

அலுப்பு எங்கே வெளியே வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முகத்தைவிட மற்ற இடங்களில்தான் அதிகம். அவரைப் பார்த்ததும் மூச்சு ஒரு தடவை நீளமாக வெளியே போகும். பக்கத்துக் கவுண்ட்டர்காரரை ஒரு நொடி பார்ப்பீர்கள், அவரும் பார்ப்பார், வந்தவர் இரண்டு பேரையும் பார்ப்பார். கண் உடனே கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விடும். பேச்சு “மறுபடியும் வந்துடுச்சா?” என்று தொடங்கும். கை, அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஃபோனை வாங்க நீளும். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. உள் அறையில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பீர்கள். எல்லா சர்வீஸ் சென்டரிலும் இது நடக்கும். அவர் கதவைத் திறக்கும்போது அந்தப் பெயர்தான் முதலில் மனதில் வரும், உதட்டோரத்தில் ஒரு சின்ன அசைவு வரும். நான் பயிற்சி கொடுக்கும் இடங்களில் முதலில் நிறுத்தச் சொல்வது இந்தப் பட்டப்பெயரை. ஒழுக்கம் கற்பிப்பதற்காக அல்ல, அது முகத்தில் தெரிகிறது என்பதற்காக.

இதை எல்லாம்விட, அலுப்பு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் ஜாப் ஷீட். அந்த ஃபோனின் பழைய ஜாப் ஷீட்டுகளைத் திறந்து, வாடிக்கையாளரின் புகார் என்ற கட்டத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதல் தடவை: “ஃபோன் தானாக அணைகிறது, சில சமயம் மட்டும்.” இரண்டாவது: “தானாக அணைகிறது.” மூன்றாவது: “முன் புகாரே.” வருகை கூடக் கூட எழுத்து குறைகிறது. செய்த வேலை என்ற கட்டத்தில் முதல் தடவை “சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்பட்டது”, இரண்டாவது தடவை “சார்ஜிங் போர்ட் சுத்தம் செய்யப்பட்டது”, மூன்றாவது தடவை “இரண்டு நாள் சோதித்ததில் கோளாறு இல்லை”. வந்தவர் ஒவ்வொரு தடவையும் அதிகமாகத்தான் சொல்லியிருப்பார். நாம்தான் ஒவ்வொரு தடவையும் குறைவாக எழுதியிருக்கிறோம். உள்ளே உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனுக்கு அவர் சொன்னது எதுவும் போய்ச் சேரவில்லை, நாம் எழுதிய ஒற்றை வரி மட்டும் போயிருக்கிறது. அதே வரி போனால் அதே சோதனைதான் நடக்கும், அதே முடிவுதான் வரும்.

எனவே உங்கள் அலுப்புக்குக் காரணம் அந்த மனிதர் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் கேட்பதற்குப் புதிதாக உங்களிடம் எதுவும் இல்லை, அதுதான் காரணம். என்ன கேட்பீர்கள், என்ன சொல்வார், என்ன எழுதுவீர்கள், இரண்டு நாள் கழித்து என்ன சொல்லிக் கொடுத்தனுப்புவீர்கள் என்று முழுவதும் முன்கூட்டியே தெரிந்த பேச்சு யாருக்கும் சலிக்கும். கேட்பதற்குப் புதிய கேள்வி ஒன்று கையில் இருந்தால், அதன் பதிலைத் தெரிந்துகொள்ள உங்களுக்கே ஆவல் வரும். ஆவலோடு இருக்கும் முகத்தில் அலுப்பு தெரியாது, நடிக்கவும் வேண்டாம்.

அந்தக் கேள்வியை எங்கிருந்து எடுப்பது என்பதை, சர்வீஸ் சென்டர்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கோளாறை வைத்தே காட்டுகிறேன். ஃபோன் தானாக அணைகிறது, ஆனால் டெக்னீஷியன் மேஜையில் அணைவதே இல்லை. மூன்று ஜாப் ஷீட்டையும் படித்தால் சாஃப்ட்வேர் பார்த்தாயிற்று, சார்ஜிங் போர்ட் பார்த்தாயிற்று, சும்மா ஓடவிட்டும் பார்த்தாயிற்று என்று தெரிகிறது. எது எழுதப்படவில்லை என்று பாருங்கள். எந்த நிலையில் அணைகிறது என்பது எந்த ஷீட்டிலும் இல்லை. சார்ஜரில் இருந்ததா, இல்லையா? எத்தனை சதவீதம் காட்டியது? அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? அணைந்ததும் தானாக எழுந்ததா, சார்ஜர் மாட்டினால்தான் எழுந்ததா? எழுந்ததும் எத்தனை சதவீதம் காட்டியது? இந்த ஐந்தும் அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்காததால் சொல்லாமல் விட்டிருப்பார், அல்லது சொல்லியும் நாம் எழுதாமல் விட்டிருப்போம்.

அவர் பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “வெளியில இருக்கும்போதுதான் சார் அணையுது, முப்பத்தஞ்சு சதவீதம் காட்டும். கேமராவைத் திறந்தா பொட்டுனு போயிடும். வீட்டுக்கு வந்து சார்ஜர் மாட்டினா உடனே எழும்பிடும், அப்பவும் முப்பதுக்கு மேலதான் காட்டும்.” இதைக் கேட்ட டெக்னீஷியன் நிமிர்ந்து உட்காருவார். பேட்டரிக்குள்ளே ஒரு மின்தடை இருக்கிறது, பேட்டரிக்கு வயதாக ஆக அது கூடும். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் அளவில் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும்போது 3.7 வோல்ட்டை ஒட்டி இருக்கும். கேமரா திறந்ததும் ஃபோன் ஒரே நொடியில் 2 ஆம்பியர் இழுக்கிறது என்று ஒரு கணக்குக்காக வைப்போம். புதிய பேட்டரியில் உள்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் இறங்கும், 3.5 வோல்ட்டில் நிற்கும், ஃபோன் ஓடும். பழைய பேட்டரியில் அதுவே 0.3 ஓம் ஆகியிருந்தால் 0.6 வோல்ட் இறங்கி 3.1-க்கு வந்துவிடும். பல ஃபோன்கள் அதற்கு மேலேயே அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். பேட்டரியில் சார்ஜ் மீதி இருக்கிறது, ஆனால் கேட்ட வேகத்தில் அதனால் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் சதவீதம் 35 என்று காட்டிக்கொண்டே செத்துப்போகிறது.

டெக்னீஷியன் மேஜையில் ஏன் அணையவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். சோதனைக்கு எடுத்த ஃபோனை முதலில் சார்ஜரில் மாட்டிவிடுவது கை பழகிப்போன வேலை. சார்ஜர் மாட்டியிருக்கும்போது மின்சாரம் வெளியிலிருந்தும் வருகிறது, பேட்டரியும் நிரம்பியிருக்கிறது. பழைய பேட்டரியின் பலவீனம் வெளியே தெரிய வழியே இல்லை. இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம் அப்படி வைத்திருந்தாலும் “கோளாறு இல்லை” என்றுதான் எழுத முடியும். இது ஏதோ ஒரு கடைக்கு மட்டும் நேர்ந்த விஷயம் இல்லை. ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில், பழைய பேட்டரி உள்ள சில ஐஃபோன்கள் இப்படித் திடீரென அணைவதைத் தவிர்க்க சாஃப்ட்வேர் மூலம் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஆனால் அதே பதிலைக் கேட்டதும் “பேட்டரிதான் சார், மாத்திடலாம், சரியாயிடும்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி இணைப்பு தளர்ந்திருந்தாலும், போர்டில் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சிப்பில் கோளாறு இருந்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறி வரலாம். கீழே விழுந்த ஃபோனா, கையில் லேசாக அசைக்கும்போதும் அணைகிறதா என்று கேட்டால் ஓரளவு பிரியும், முழுவதும் பிரியாது. கவுண்ட்டரில் இருப்பவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சோதனை எந்த நிலையில் நடக்க வேண்டும் என்பதை டெக்னீஷியனிடம் சேர்த்தால் போதும். ஜாப் ஷீட்டில் இப்படி எழுதுங்கள்: “4-வது வருகை. சார்ஜர் இல்லாதபோது, 40 சதவீதத்துக்குக் கீழே, கேமரா திறக்கும்போது அணைகிறது. சார்ஜர் மாட்டியதும் 30-க்கு மேல் காட்டி எழுகிறது. சார்ஜரில் வைத்துச் சோதிக்க வேண்டாம். 35 வரை இறக்கிவிட்டு கேமராவை ஓடவிட்டுப் பார்க்கவும்.” எழுதும்போது திரையை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். தான் சொன்னது தன் கண் முன்னால் எழுத்தாக மாறுவதைப் பார்ப்பது, நீங்கள் சொல்லும் எந்தச் சமாதானத்தையும்விட அவரை அமைதிப்படுத்தும். இதற்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை, கவுண்ட்டரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இனி அவர் கதவைத் திறக்கும் நொடிக்கு வருவோம். பழைய ஷீட்டுகளைப் படிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். டோக்கன் கொடுத்த உடனேயே நம்பர் உங்கள் திரைக்கு வந்துவிட்டால், முன்னால் இருப்பவர் கையெழுத்துப் போடும் இடைவெளியில் மூன்று ஷீட்டைப் படித்துவிடலாம். அந்த வசதி இல்லையென்றால் அவரிடமே கேட்டுவிடுங்கள்: “சார், உட்காருங்க. உங்க பழைய மூணு ஷீட்டையும் ஒரு நிமிஷம் படிச்சிடறேன், நீங்க முதல்லேர்ந்து சொல்ல வேண்டாம்.” அந்த ஒரு நிமிட மௌனத்தை அவர் பொறுத்துக்கொள்வார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாத காத்திருப்புதான் நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை ஆய்வாளர் 1985-லேயே எழுதினார். வரிசையில் நிற்கும் எவருக்கும் அது தெரிந்த விஷயம்தான்.

படித்த பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது நாலைந்து வாக்கியம். நான் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “வாங்க சார். போன மாசம் ரெண்டு தடவை, இந்த மாசம் ஒரு தடவை வந்திருக்கீங்க. சாஃப்ட்வேர் போட்டோம், போர்ட் சுத்தம் பண்ணினோம், ரெண்டு நாள் வெச்சுப் பார்த்தோம், இன்னும் அணையுது. மூணு தடவையும் நாங்க சரி பண்ணாம கொடுத்திருக்கோம். இதுவரைக்கும் கேக்காத நாலஞ்சு விஷயம் இருக்கு, கேக்கலாமா?” இதில் சிரிப்பு இல்லை, குழைவு இல்லை. அவர் சொல்ல வந்த கதையை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் அவர் நாலாவது தடவை ஒப்பிக்க வேண்டியதில்லை. “நாங்க சரி பண்ணாம கொடுத்திருக்கோம்” என்று சொல்லும்போது குரல் சாதாரணமாக இருக்கட்டும். மன்னிப்பை நீட்டி முழக்கினால், அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். நான்காவது தடவை வருகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: “எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் காதில் “நீங்கள் பொய் சொல்கிறீர்கள்” என்று விழும். அதே உண்மையை “எங்க மேஜையில அதை அணைய வைக்க முடியல, உங்க கையில மட்டும் ஏன் அணையுதுன்னு தெரிஞ்சாகணும்” என்று சொல்லிப் பாருங்கள். கோளாறு இருப்பதை ஏற்றுக்கொண்டாயிற்று, அதைப் பிடிக்க அவர் உதவி தேவை என்பதும் சொல்லியாயிற்று.

உட்கார்ந்ததும் கத்துகிறவரிடம் இந்த வாக்கியங்கள் எதுவும் நுழையாது. கத்தட்டும். குறுக்கே பேசாதீர்கள், தலையாட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினால் பேச்சைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வதுபோல் இருக்கும். ஒரு பேனாவை எடுத்து, அவர் திட்டுவதில் தகவலாக இருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். “ராத்திரி பத்து மணிக்கு நடு ரோட்டுல அணைஞ்சு போச்சு, வண்டியைக் கூப்பிட முடியல” என்று கத்தினால் அதில் இடம், நேரம், சார்ஜர் இல்லாத நிலை, ஆப் திறந்த நொடி எல்லாம் இருக்கிறது. அவர் மூச்சு வாங்கும்போது “ராத்திரி வெளியில, வண்டி புக் பண்ற ஆப்பைத் திறந்தப்பவா? அப்ப எத்தனை சதவீதம் இருந்துச்சு சார்?” என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. இன்னொரு பலனும் உண்டு. திட்டு உங்கள் மேல் விழுவதாகத் தோன்றுவது குறையும், ஏனென்றால் அதற்குள் நீங்கள் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆளை அவமானப்படுத்தும் பேச்சு, மிரட்டல் என்று போனால் இது எதுவும் பொருந்தாது. அங்கே எழுந்து மேனேஜரைக் கூப்பிடுவதுதான் முறை.

உங்கள் மேனேஜரிடம் பேச ஒரு விஷயம் தருகிறேன். “பிரச்சினையை நன்றாகக் கையாண்டால், பிரச்சினையே வராதவரைவிட அவர் நம்மிடம் அதிக விசுவாசமாக இருப்பார்” என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் அது ஒரு தடவைக்கான பேச்சு. மாக்ஸம், நெட்மையர் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் வாடிக்கையாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் தவறுக்குப் பிறகு நல்ல முறையில் சரிசெய்தால் அந்த உயர்வு வருகிறது, இரண்டாவது தவறுக்குப் பிறகு வருவதில்லை என்று கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வங்கி வாடிக்கையாளர்களை. ஃபோன் சர்வீஸுக்கு அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான்காவது வருகையில் இனிமையான முகத்தை வைத்து எதையும் மீட்டுவிட முடியாது என்று நம்புவதற்கு அது போதும். அந்த நேரத்தில் மேனேஜர் உங்களுக்குக் கொடுக்க வேண்டியது சிரிப்பைப் பற்றிய அறிவுரை அல்ல, கொஞ்சம் அதிகாரம். மூன்றாவது வருகைக்கு மேல் போனால் மூத்த டெக்னீஷியனிடம் நேரடியாகப் போகும், மாற்று ஃபோன் கொடுக்கலாம், மேலிடத்துக்கு மாற்றிக் கொடுக்கும்படி எழுதலாம் என்று ஏதாவது ஒரு விதி உங்கள் கையில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் அலுப்பு வந்தே தீரும்.

சரி, கேட்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை, எல்லாம் கேட்டாயிற்று, பாகம் வரவில்லை, மாற்றிக் கொடுக்க மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? அப்படிப்பட்ட நாட்கள் வரும், நான் சொன்ன வழி அங்கே பாதிதான் உதவும். அப்போது புதிய சோதனை நடப்பதுபோல் நாடகம் போட்டு ஃபோனை உள்ளே வாங்கி வைக்காதீர்கள். ஐந்தாவது வருகைக்கு நீங்களே தேதி குறித்துக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். “சார், இன்னிக்கு உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட புதுசா எதுவும் இல்ல. பாகம் இன்னும் வரல. ஃபோனை நீங்களே வெச்சுக்கோங்க, வந்த அன்னிக்கு நான் கூப்பிடறேன். வரலைன்னாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கூப்பிட்டு வரலைன்னு சொல்றேன்.” இதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். நல்ல சேதி இருந்தால் மட்டும் கூப்பிடுவோம் என்று இருந்தால், சேதி இல்லாத நாளில் அவரே நேரில் வந்து நிற்பார். மாற்றிக் கொடுக்க முடியாது என்பது முடிவாகிவிட்டால் அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் வேறெங்காவது போய் முறையிட அது அவருக்கு வேண்டும்.

ஒரே ஆள்தான் ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்க்க வேண்டுமா என்பதில் எங்கள் தொழிலில் இரண்டு கருத்து உண்டு. புது முகம் பார்த்தால் கோபம் தணியும் என்பார்கள் சிலர். பழைய ஆளே பார்ப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன், சண்டை முற்றிவிட்ட இடம் தவிர. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் முன்னாலேயே மாற்றுங்கள். அடுத்தவரை அழைத்து, “இவர் ஃபோன் சார்ஜர் இல்லாதப்ப கேமரா திறந்தா அணையுது, மூணு தடவை பார்த்தாச்சு, சார்ஜர்ல வெச்சுப் பார்க்க வேண்டாம்னு எழுதியிருக்கேன்” என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போங்கள். தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார், திருத்தட்டும்.

களைப்பு வேறு, அவர் மேல் வரும் அலுப்பு வேறு. காலையிலிருந்து நின்று கால் வலிக்கிறது, சாப்பிடவில்லை, முப்பது பேரைப் பார்த்தாயிற்று என்றால் எந்தப் புதிய கேள்வியும் உங்களைக் காப்பாற்றாது. அப்படிப்பட்ட நேரத்தில் “சார், ரெண்டு நிமிஷம், தண்ணி குடிச்சிட்டு வந்து உங்க ஷீட்டைப் படிக்கிறேன்” என்று நேராகச் சொல்லிவிட்டு எழுந்து போங்கள். களைத்த மனிதரை மன்னிப்பார்கள். தன்னைப் பார்த்துத்தான் இவர் களைத்தார் என்று தோன்றும்போதுதான் கோபம் வருகிறது.

ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும் நாளையும் கவனியுங்கள். பேட்டரியை மாற்றி, 35 சதவீதத்துக்கு இறக்கி, சார்ஜர் இல்லாமல் கேமராவை ஓடவிட்டு அணையவில்லை என்று பார்த்துவிட்டீர்கள் என்றாலும் “சரியாயிடுச்சு சார்” என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை அவர் மூன்று தடவை கேட்டுவிட்டார். என்ன நிலையில் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்தால் அவர் கண் முன்னாலேயே கேமராவைத் திறந்து காட்டுங்கள். மூன்று நாள் கழித்து நீங்களே கூப்பிட்டு, 40-க்குக் கீழே ஒரு தடவையாவது போனதா, அப்போது என்ன ஆனது என்று கேளுங்கள். அணையவில்லை என்றால் ஷீட்டை அன்றைக்கு மூடலாம். அணைந்தது என்றால் இணைப்பும் போர்டும்தான் மிச்சம். அடுத்த தடவை அவர் வருவதற்கு முன்பே மூத்த டெக்னீஷியனிடம் சொல்லி நேரம் வாங்கி வையுங்கள், டோக்கன் எடுக்காமல் நேராக அவரிடம் உட்கார வையுங்கள்.